பாதி ஒல்லி, பாதி அகலம்: பட்டையின் தொய்வு கணக்கோடு ஒத்துப்போனது

ஒருவழியாக டயல் கேஜும் காகிதமும் ஒரே பேச்சுக்கு வந்துவிட்டன. 50×6 இரும்புப் பட்டையை வாங்கி, ஒரு பாதியை மட்டும் இருபுறமும் சமமாக அரிந்து 25 மி.மீ. அகலமாக்கினேன். தாங்கிகளுக்கு இடையே 1000 மி.மீ., சரிநடுவில் 20 நியூட்டன் எடை. வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவான I, அரிந்த இடது பாதியில் 450 மி.மீ.⁴, வலது பாதியில் 900. மேலே ஒரு தகட்டைச் சும்மா அடுக்கியும் தடிமனைக் கூட்டலாம்தான். ஆனால் தகட்டின் வெட்டு முனையில் வளைவு ஏறாது, கணக்கு கெட்டுவிடும். அகலத்தை மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

சராசரி I போட்டுப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றும். 675 போட்டால் நடுவில் 3.09 மி.மீ. வருகிறது, உண்மையைவிடக் குறைவு. ஒல்லிப் பாதிதான் அதிகம் வளைகிறது, சராசரி அதை மறைத்துவிடுகிறது.

இதில் நுணுக்கமான இடம் தொடுகோடுதான். சீரான பட்டையில் நடுவில் சாய்வு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு பாதியை மட்டும் பார்த்தால் போதும். இங்கே அது செல்லாது. அதனால் இடது தாங்கியில் தொடுகோடு போட்டு, வலது தாங்கி அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். M என்பது வளைக்கும் திருப்புமை, E இரும்பின் மீள்மை எண். M/EI படம் நடுவில் படி போல இறங்குகிறது, எனவே இரண்டு முக்கோணங்கள். நடுவில் M 5000 நியூட்டன்-மி.மீ., E 2,00,000. இடது முக்கோணத்தின் பரப்பு 0.01389, வலதில் அதில் பாதி. வலது தாங்கியிலிருந்து அவற்றின் மையங்கள் 666.7, 333.3 மி.மீ. தூரத்தில்.

```
விலகல் = 0.01389×666.7 + 0.00694×333.3 = 11.57
இடது சாய்வு = 11.57/1000 = 0.01157
நடுவில் = 0.01157×500 − 0.01389×166.7 = 3.47
```

கேஜ் காட்டியது 3.63. கேஜைப் பொருத்தி, பட்டையின் சொந்த எடையோடு பூஜ்யம் வைத்த பிறகுதான் எடையைத் தொங்கவிட்டேன். அப்படியும் ஏன் கூடுதல்? கேலிபரை வைத்தால் தடிமன் 5.9. கடைக்காரர் சொல்லும் 6 எப்போதும் 6 இல்லை. தொய்வுக் கணக்கில் தடிமன் மும்மடியாக வரும், அந்த 0.1 மட்டுமே ஐந்து சதவீதத்தைத் தின்றுவிடும். திருத்தினால் 3.65. போதும் சாமி.

அப்புறம் ஒரு விஷயம், அதிகபட்சத் தொய்வு நடுவில் இல்லை. இடது தாங்கியிலிருந்து M/EI பரப்பு 0.01157 சேரும் இடத்தில்தான் சாய்வு பூஜ்யம். அது 456 மி.மீ.யில் வருகிறது, ஒல்லிப் பாதிக்குள். அங்கே தொய்வு நடுவைவிட 0.05 மி.மீ.தான் அதிகம், கேஜில் ஐந்தே கோடு. தாங்கி உருளைகள் துளி நகர்ந்தாலும் அது காணாமல் போகும். உருளைகளுக்கு V பள்ளம் போட்ட கட்டை செய்யக் கொடுத்திருக்கிறேன். அது வருவதற்குள் அடுத்த பட்டையையும் வரைந்துவிட்டேன்: முனைகளில் ஒல்லி, நடுவில் அகலம். அதில் நடுச் சாய்வு பூஜ்யம், கணக்கு பாதிதான்.