காலியாக இல்லாத 13 இடங்கள்

"அண்ணா, மீதி 13 இடத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதும்மா. சும்மா கெடக்கும், நாம அதத் தொடவே போறதில்ல."

எட்டு மாதம் ஆகிவிட்டது. பெங்களூரில் பீன்யா பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த இரண்டு வரியும் காதில் விழுகின்றன. கேட்டவள் டீமில் சேர்ந்து ஆறு மாதமான பெண். பதில் சொன்னவன் நான். எங்கள் இருவருக்கும் ஊர் தென்காசிப் பக்கம் என்பதால் ஆபீஸில் எல்லாரும் சாராக இருக்க நான் மட்டும் அவளுக்கு அண்ணா.

பருப்பு, சர்க்கரை பாக்கெட் போடும் மெஷினுக்கான எடைபோடும் போர்டு அது. நாலு லோட் செல், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1000 சாம்பிள், 51 டேப் எஃப்ஐஆர் ஃபில்டர். அதாவது கடைசி 51 சாம்பிள்களை 51 கோஎஃபிஷியன்ட்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். புது சாம்பிள் வரும்போதெல்லாம் பழையவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தாமல், வட்டமாகச் சுற்றும் பஃபரில் மிகப் பழையதன் மேல் எழுதிவிடலாம். பிராசசர் கார்டெக்ஸ்-எம்0, ஓடுவது 8 மெகாஹெர்ட்ஸில், ராம் 4 கேபி.

அவள் முதலில் எழுதிய கோடு சரியாகவே வேலை செய்தது. நேரம்தான் போதவில்லை. இண்டெக்ஸைச் சுற்ற வைக்க `% 51` போட்டிருந்தாள். இந்த பிராசசரில் வகுத்தலுக்கு இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. ஒவ்வொரு `%`-க்கும் கம்பைலர் ஒரு லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரு மில்லிசெகண்டுக்குள் அது 204 தடவை. ஃபில்டர் தொடங்கும்போது ஒரு பின்னை ஏற்றி முடிந்ததும் இறக்கி ஸ்கோப்பில் பார்த்தோம். 1.2 மில்லிசெகண்ட். இது முடிவதற்குள் அடுத்த சாம்பிள் வந்துவிடும்.

அவளே ஒரு வழி கொண்டுவந்தாள். பஃபரை இரட்டிப்பாக்கி, ஒவ்வொரு சாம்பிளையும் `x[i]`, `x[i+51]` என்று இரண்டு இடத்தில் எழுதுவது. படிக்கும்போது எங்கிருந்து தொடங்கினாலும் 51 சாம்பிள் வரிசையாகக் கிடைக்கும், நடுவில் சுற்றவே வேண்டாம். அழகான வழிதான். ஆனால் சாம்பிளுக்கு 2 பைட் வீதம் நாலு சேனலுக்கு 816 பைட். ஸ்டாக்குக்கும் கம்யூனிகேஷன் பஃபருக்கும் கொடுத்ததுபோக மிச்சம் இருந்தது 700 சொச்சம். முடியாது என்றேன். அதில் நான் சொன்னது சரி, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம் சொன்னதுதான் பிரச்சினை. பஃபரை 64 ஆக்கிவிடு, `& 63` போட்டால் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் இண்டெக்ஸ் சுற்றிவிடும், மொத்தம் 512 பைட்தான் என்றேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். என் பதிலைக் கேட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் கோடு வந்தது:

```c
x[head] = sample;
head = (head + 1) & 63;
i = head;
for (k = 0; k < 51; k++) {
    acc += (int32_t)h[k] * x[i];
    i = (i + 1) & 63;
}
```

நான் பார்த்தேன். சரி என்றேன். ஸ்கோப்பில் 0.4 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தது.

தப்பு `i = head` என்ற வரியில். பஃபர் 51 ஆக இருந்தவரை, எழுதி முடித்து `head` ஓரடி நகர்ந்ததும் அது நிற்கும் இடம் மிகப் பழைய சாம்பிள். அங்கிருந்து 51 அடி நடந்தால் புதியதில் வந்து முடியும். பஃபர் 64 ஆனதும் `head` நிற்பது 63 சாம்பிள் முந்தையதில். அங்கிருந்து 51 அடி நடந்தால் 13 சாம்பிள் முந்தையதோடு நின்றுவிடும். நான் காலி என்று சொன்ன 13 இடங்களிலும் இருந்தவை மிகப் புதிய 13 சாம்பிள்கள்.

டெஸ்டில் ஏன் தெரியவில்லை என்பதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். நாங்கள் 5 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் சைன் அலைகளைக் கொடுத்து வெளியே வரும் உயரத்தை அளந்தோம். எல்லாம் கணக்குப்படி வந்தது. ஏனென்றால் ஃபில்டர் கெடவில்லை, தாமதமாகியிருந்தது. எங்கள் கோஎஃபிஷியன்ட்கள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பவை என்பதால் பழையதிலிருந்து புதியதற்கு நடந்தாலும் பெருக்கிக் கூட்டினால் அதே விடைதான். வரவேண்டிய தாமதம் 25 சாம்பிள், வந்தது 38. அலையின் உயரத்தைப் பார்ப்பவனுக்கு அது தெரியாது. தட்டில் எடைக்கல்லை வைத்து ரீடிங் நிலைக்கும்வரை நிற்பவனுக்கும் தெரியாது.

தெரிந்தது கஸ்டமர் இடத்தில். ஒரு கிலோ பாக்கெட்டில் நொடிக்கு 400 கிராம் வேகத்தில் சர்க்கரை விழுகிறது. எடை வந்ததும் கேட் மூட வேண்டும். 13 மில்லிசெகண்ட் தாமதத்தில் 5.2 கிராம் கூடுதலாக விழும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஐந்து கிராம், எப்போதும் கூடுதல் பக்கமே. மூன்று நாள் லோட் செல்லையும் கேட்டின் நியூமேட்டிக் வால்வையும் சந்தேகப்பட்டோம். நான்தான் வால்வு என்று அடித்துச் சொன்னேன்.

கண்டுபிடித்தது அவள். ஒரே ஒரு சாம்பிளை 1000 என்றும் மற்றதையெல்லாம் பூஜ்யமாகவும் கொடுத்து, வெளியே வருவதை வரிசையாக அச்சடித்தாள். எஃப்ஐஆருக்கு அப்படிக் கொடுத்தால் கோஎஃபிஷியன்ட்கள் முதலிலிருந்து அப்படியே வெளியே வர வேண்டும். வந்தன, ஆனால் பூஜ்யங்களுக்குப் பின்னால். விரலை வைத்து எண்ணினாள். "பதிமூணு அண்ணா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. திருத்தம் ஒரே வரி:

```c
i = (head - 51) & 63;
```

ரிவ்யூ கூட்டத்தில் மேனேஜர், யார் மாற்றியது என்று கேட்டார். கமிட்டில் அவள் பெயர். "நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம் சார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் மாற்றச் சொன்னது நான், அவள் கேட்டபோது காலி என்று சொன்னது நான் என்பது அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. கூட்டக் குறிப்பில் ஜூனியரின் இண்டெக்ஸ் பிழை என்று ஏறியது. அந்த மெயிலை வாசித்தேன், பதில் போடவில்லை.

தொடக்க இடத்தை எழுதியது அவள்தானே, நான் மாஸ்க் மட்டும்தானே சொன்னேன் என்று சில நாள் தோன்றும். `& 63` தப்பான யோசனையும் இல்லை. இதே பிராசசர் வந்தால் மறுபடி அதையே போடுவேன். ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றும். பஃபரை 51 ஆகவே வைத்து `if (++i == 51) i = 0;` என்று எழுதியிருந்தால் 408 பைட்தான், எல்லாவற்றிலும் குறைவு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிரண்டு சைக்கிள் கூடினாலும் 8000 சைக்கிளில் தாராளமாக அடங்கியிருக்கும். அவள் முதலில் எழுதிய நடையும் மாறாமல் சரியாக இருந்திருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. 64 என்பது என் கைப்பழக்கம்.

ஆனாலும் மனதை உறுத்துவது கோடு இல்லை. அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரு தாளில் 64 கட்டம் போட்டு `head` எங்கே நிற்கிறது என்று குறித்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் இருவருக்கும் தெரிந்திருக்கும். என் குரலில் இருந்த உறுதியால் அவள் தாளை எடுக்கவில்லை.

போன வாரம் வேறொரு போர்டுக்கான ஃபில்டரை ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தாள். 20 கேபி ராம் உள்ள சிப், இரட்டிப்புப் பஃபர். ஒற்றை சாம்பிள் டெஸ்டின் அச்சும் கூடவே இருந்தது, முதல் வரியிலேயே முதல் கோஎஃபிஷியன்ட். முன்பெல்லாம் கீழே நாலைந்து கேள்வி எழுதி அனுப்புவாள். இதில் ஒன்றும் இல்லை. எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று நானே எழுதிக் கேட்டேன். "இல்லை அண்ணா" என்று பதில் வந்தது.