'வந்துட்டிருக்கு' என்ற பிறகு 'தெரிவிக்கவும்' எதற்கு?

வாடிக்கையாளர்களுக்குப் போகும் எஸ்எம்எஸ்களைத் திருத்துவது என் வேலை. குழுவிலிருந்து அடிக்கடி வரும் வகை இது:

"உங்கள் பார்சல் வந்துட்டிருக்கு. டெலிவரி செய்பவரிடம் ஓடிபி 4821 தெரிவிக்கவும்."

முதல் வாக்கியம் தெரிந்தவர் போனில் சொல்வது போல இருக்கிறது. இரண்டாவது அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு. ஒரே ஆள் இரண்டு குரலில் பேசினால், படிப்பவருக்கு இது நிஜமாகவே அந்த நிறுவனம் அனுப்பியதுதானா என்று சந்தேகம் வரும். ஓடிபி கேட்கும் இடத்தில் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

கலப்பு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இடநெருக்கடிதான். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே கணக்கில் சேரும். 'வந்துகொண்டிருக்கிறது' 20 குறி, 'வந்துட்டிருக்கு' 15. எழுதுபவர் வினையை மட்டும் சுருக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார். அப்படிச் சுருக்கியும் மேலே உள்ள செய்தி 77 குறி, ஆக இரண்டு எஸ்எம்எஸ்.

முழுக்கப் பேச்சுக்கு மாற்றினால் வேறு தலைவலி. 'வந்துட்டிருக்கு', 'வந்துக்கிட்டிருக்கு', 'வந்துட்டு இருக்கு' என்று ஆளுக்கொரு எழுத்து. எது சரி என்று தீர்த்துவைக்க அகராதியும் கிடையாது. நேருக்கு நேர் சாட்டில் பதில் சொல்லும்போது அது பரவாயில்லை. வாடிக்கையாளர் "இன்னும் வரலையே" என்றால், "செக் பண்ணிட்டு சொல்றேங்க" என்பதே இயல்பு. அங்கே 'சரிபார்த்துத் தெரிவிக்கிறோம்' என்றால் விலகி நிற்பது போலாகும்.

தானாகப் போகும் செய்திகளில் நான் தேடுவது இரு வழக்கிலும் ஒரே மாதிரி எழுதப்படும் சொற்களை. வரும், கிடைக்கும், முடியும், போதும். பேச்சில் கடைசி மகரம் மூக்கோடு போய்விடும், ஆனால் எழுத்து மாறாது. அவரவர் அதைத் தங்கள் குரலிலேயே படித்துக்கொள்வார்கள். அப்படி மாற்றியது:

"உங்கள் பார்சல் இன்று மாலைக்குள் வரும். ஓடிபி 4821 சொன்னால் போதும்."

66 குறி. 'உங்கள்', 'இன்று', 'சொன்னால்' எழுத்து வழக்குதான். ஆனாலும் பேச்சிலிருந்து ரொம்பத் தூரம் போகாததால் கண்ணை உறுத்துவதில்லை. உறுத்துவது எப்போதும் வாக்கியத்தின் வால்தான். 'வும்' என்று முடியும் கட்டளையை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆகவே திருத்தும்போது முதலில் வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாகப் படிப்பேன். கலப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நடந்து முடிந்ததைச் சொல்ல இந்த வழி உதவாது. 'வந்துவிட்டது', 'வந்துடுச்சு' இரண்டுக்கும் நடுவில் பொதுவான வடிவம் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். பணம் பிடித்தது, திருப்பிக் கொடுத்தது போன்றவற்றை எழுத்து வழக்கிலேயே வைக்கிறேன். பணம் போன செய்தியில் 'போயிடுச்சு' என்று யாரும் படிக்க விரும்புவதில்லை.