தோசைக்கல் காய ஏழு நிமிடம்

பரீட்சை முடிந்து லீவு விட்ட இரண்டாம் நாள் காலையில், "இன்னைக்கு என் தோசையை நானே சுட்டுக்கிறேன் அம்மாச்சி" என்று சொன்னேன். "சுடு. கல்லு காயட்டும், அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு அம்மாச்சி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். கல்லு காயட்டும் என்பதை நான் 'அடுப்பைப் பற்ற வை' என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக் கல் கனமான இரும்புக் கல். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதை அடுப்பில் வைத்து, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நல்லெண்ணெயை ஒரு கரண்டி தாராளமாக ஊற்றினேன். ஒட்டாமல் இருக்கட்டும் என்று. மேலே ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த மாவு. சத்தமே வரவில்லை. கரண்டியை வைத்துச் சுழற்றினால் மாவு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு கரண்டியின் பின்னாலேயே வந்தது. எப்படியோ ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்து, அரை நிமிடத்தில் தோசைத்திருப்பியை அடியில் விட்டேன். மேல்பாதி கூழாக வந்தது, கீழ்ப்பாதி கல்லோடு இருந்துவிட்டது. சுரண்டச் சுரண்ட உப்புமா மாதிரி ஒரு குவியல். அதைத்தான் சாப்பிட்டேன், சட்னி நிறைய வைத்து.

தோசை கெட்டதோடு விட்டிருக்கலாம். கல்லில் ஒட்டியதை எடுக்க வேண்டுமே என்று கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு, கல் சாம்பல் நிறத்துக்கு வரும்வரை தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். பளபளவென்று இருந்தது. அம்மாச்சி பார்த்துவிட்டு, "பழகுன கல்லை இப்பிடிப் பண்ணிட்டியேடி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கல்லின் மேல் இருக்கும் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. நாள்கணக்கில் எண்ணெய் மெல்லிசாகப் பூசிப் பூசி, சூட்டில் இறுகி, இரும்பின் பொடிப்பொடிக் குழிகளை மூடியிருக்கும் படலம். அது போய்விட்டால் புதுக் கல் மாதிரிதான், மாவு இரும்பையே பிடித்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் முழுக்கக் கல்லைப் பழக்குகிற வேலை. கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, துணியில் தொட்ட எண்ணெயை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தேய்த்து, லேசாகப் புகை வரும்வரை விட்டு, ஆறவைத்து, மறுபடி தேய்த்து... நான்கு தடவை. கடைசியில் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, அது கறுக்கும்வரை கல் முழுக்க வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சாம்பல் நிறம் போய் ஒரு பழுப்பு வந்தது.

மறுநாள்தான் தண்ணீர்ப் பரீட்சை. மாவை அரை மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து வைத்தேன். கல்லை நடுத்தரத் தீயில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு சொட்டுத் தெளித்துப் பார்த்தேன். இரண்டாம் நிமிடத்தில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது, அடியில் சின்னக் குமிழி கட்டி மெதுவாக வற்றியது. முதல் நாள் நான் மாவு ஊற்றியது இதற்கும் முந்திய சூட்டில். நான்காம் நிமிடத்தில் சத்தம் வந்தது, ஆனால் நமுத்த சத்தம். கூடத்திலிருந்து, "இன்னும் காயலை" என்று குரல். எட்டிக்கூடப் பார்க்கவில்லை, காதாலேயே சொல்கிறார்! ஏழாம் நிமிடத்தில் 'சுர்ர்' என்று ஒரே இழுப்பு, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் சொட்டு காணாமல் போனது.

சரி, இதுதான் பதம் என்று தெரிந்துவிட்டது. அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். காய்ந்தால் நல்லது என்றால் இன்னும் காய்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று தீயைக் கூட்டி மேலும் மூன்று நிமிடம் விட்டேன். இப்போது தெளித்த தண்ணீர் வற்றவே இல்லை. முத்து முத்தாகத் திரண்டு கல்லின் மேல் ஓடி விளையாடியது. பார்க்க அழகாக இருந்ததால் மாவை ஊற்றினேன். கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மாவின் அடி வெந்து இறுகிவிட்டது. கரண்டி அதைப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஓர் ஓட்டை, ஓரத்தில் ஒரு கட்டி, அடியில் கருகல்.

அம்மாச்சி அப்போதுதான் எழுந்து வந்தார். முத்து ஓடுகிறது என்றால் சூடு அதிகம் என்று அர்த்தமாம். பிறகு நான் யோசித்துப் பார்த்தது இது: கல் அவ்வளவு சூடாக இருக்கும்போது சொட்டின் அடி தொட்டதுமே ஆவியாகிவிடுகிறது, அந்த ஆவி மெத்தையின் மேல்தான் சொட்டு ஓடுகிறது. கல் காயாதபோது நடப்பது நேர் எதிர். மாவு தண்ணீராகவே கிடந்து குழிகளுக்குள் இறங்கி, பிறகு அங்கேயே வேகிறது. அப்படி வெந்ததைக் கத்தி வைத்தால்தான் எடுக்க முடியும். பதமான சூட்டில் அடி உடனே இறுகத் தொடங்கும், மேல்மாவு இன்னும் இளகியிருக்கும், இழுக்க நேரம் கிடைக்கும்.

அம்மாச்சி ஒன்றும் விளக்கவில்லை. ஒரு கை தண்ணீரைக் கல்லில் அடித்து, துணியால் ஒரு துடை துடைத்தார். தீயைக் குறைத்தார். "இப்ப ஊத்து, நடுவுல இருந்து வெளிய இழு, அழுத்தாத." மாவு இழுபட்டது! வட்டம் என்று சொல்ல முடியாது, இலங்கை வரைபடம் மாதிரி இருந்தது. ஆனால் ஓட்டை இல்லை. தீயைக் கூட்டி, ஓரத்தைச் சுற்றி எண்ணெய் விட்டேன். உடனே கை தோசைத்திருப்பிக்குப் போனது.

"தொடாத."

இந்த இரண்டாவது காத்திருப்புதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். மேலே ஈரப் பளபளப்பு போய், துளைகள் விழுந்து, ஓரம் சிவந்து கல்லை விட்டுத் தானாக ஒரு நூல் அளவு எழும்பும்வரை கை கட்டி நிற்க வேண்டும். கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம். எழும்பிய இடத்தில் திருப்பியை விட்டதும் முழுத் தோசையும் சறுக்கிக்கொண்டு வந்தது.

அதற்கு அடுத்த இரண்டு நாளில் பதினோரு தோசை. மூன்று கிழிந்தது. மூன்றுமே, முந்தின தோசையை எடுத்த கையோடு தண்ணீர் தெளித்துத் துடைக்காமல் ஊற்றியவை. ஒரு தோசை வேகும்போது தீ கூட்டி வைக்கிறோம் இல்லையா, கல் அதற்குள் முத்து ஓடுகிற சூட்டுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு தோசைக்கும் தெளிக்க, துடைக்க, தீ குறைக்க, ஊற்ற, தீ கூட்ட என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன். தம்பி கேலி செய்கிறான், அதனால் எட்டாவது தோசையை அவனுக்குக் கொடுக்கவில்லை.

இன்னும் தீராதது ஒன்று. நடு சிவக்கிறது, ஓரம் வெள்ளையாக நிற்கிறது. எங்கள் அடுப்பின் பர்னர் சின்னது, கல் பெரியது. இப்போதைக்குத் தோசை வேகும்போது கல்லைக் கால் வட்டம் கால் வட்டமாக நகர்த்தி ஓரத்தைத் தீக்கு மேல் கொண்டுவருகிறேன். நேற்றுச் சப்பாத்திக்கு இதே கல்லை எடுத்தேன், அம்மாச்சி பிடுங்கி வைத்துவிட்டார். காய்ந்த மாவு கருகிக் கல்லை மறுபடி கெடுத்துவிடுமாம். மாவு இன்னும் ஒரு குண்டானில் பாதி இருக்கிறது, நாளைக்குப் புளித்துவிடும். வெங்காயம் தூவி ஊத்தப்பம்தான்.