விற்கிற பக்கமா, சொல்லித்தருகிற பக்கமா?

மாடித்தோட்டப் பக்கம் நடத்தும் ஒரு தங்கை, "அக்கா, நான் ரொம்ப விற்கிறேனா?" என்று கேட்டாள். கடைசி இருபது பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் விலையையும் வாட்ஸப் எண்ணையும் மறைத்துவிட்டுப் படி, மிச்சம் ஏதாவது இருக்கிறதா பார் என்றேன்.

பதினான்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதைவிட மோசம், பயனுள்ளது என்று அவள் எண்ணியிருந்த மாவுப்பூச்சிப் பதிவு. பூச்சி எப்படி வரும், இலை எப்படிச் சுருங்கும் என்று நீளமாகப் பயமுறுத்திவிட்டு, தீர்வுக்கு மட்டும் "இன்பாக்ஸ் வாங்க". ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி தெளிக்கணும் என்று எழுதியிருந்தால், கீழே "எண்ணெய் என்னிடமும் கிடைக்கும்" என்று போட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், வாங்காதவரும் செடியைக் காப்பாற்றிக்கொள்வார்.

நூறு பதிவில் எண்பது சொல்லித்தர, இருபது விற்க என்கிற கணக்கெல்லாம் குத்துமதிப்புதான், ஆடிப்பட்டத்தில் விதை விற்பவர் தினமும் விற்கத்தான் செய்வார். சீசன் முடிந்த மாதங்களைப் பாருங்கள். அப்புறம் கமெண்டுகள்: "விலை?" மட்டுமே வருகிறதா, "என் தக்காளி பூ உதிருதே, என்ன செய்ய?" என்றும் யாராவது கேட்கிறார்களா?