புகார் நோட்டு, மேற்கு மாம்பலம்

டிசம்பர் 9

இன்றும் இரண்டு பிளவுஸ் திரும்பி வந்தன. இரண்டும் "கை இறுக்கம்". ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, பில் நம்பர், என்ன குறை, என்ன செய்தோம் என்று நான்கு கோடு போட்டேன்.

டிசம்பர் 10

வாடிக்கையாக வரும் டீச்சர் வரவில்லை.

டிசம்பர் 13

ஐந்து நாளில் ஏழு. நோட்டைப் புரட்டினால் ஏழு வரியிலும் "அளவு தப்பு, பிரித்துவிட்டோம்" என்றே இருக்கிறது. எல்லாம் என் கையெழுத்துதான். அளவு தப்பு என்று வந்தவர்களில் யாரும் சொல்லவில்லை, நானே முடிவு கட்டி எழுதியிருக்கிறேன். அவர்கள் சொன்ன வார்த்தை போய்விட்டது. எதைத் தேடுவது இதில்?

ஏழு பேருக்கும் போன் போட்டேன். நான்கு பேர் எடுத்தார்கள். "முதல்ல கட்டினப்போ நல்லாதான் இருந்துச்சு." "இடுப்புல மேல ஏறிக்குது." "அக்குள்ல பிடிக்குது, கையைத் தூக்க முடியல." "முதுகுல துணி உப்பிக்கிட்டு நிக்குது." இதையெல்லாம் சொன்னபடியே, பேச்சு மொழியிலேயே எழுதி வைத்தேன். இனிமேல் இப்படித்தான் எழுதுவேன்.

டிசம்பர் 16

மார்கழி முதல் நாள். இன்று மூன்று. அதில் ஒன்று போன வாரம் நாமே பிரித்துக் கொடுத்தது. பக்கத் தையலில் இரண்டு பக்கமும் அரை இஞ்ச் விட்டிருக்கிறோம், இன்னும் அக்குளில் பிடிக்கிறது என்கிறார். அகலம் கூட்டியும் இறுக்கம் போகவில்லை என்றால் குறை அகலத்தில் இல்லையோ? ராத்திரி சாப்பிடும்போதும் இதே யோசனை.

டிசம்பர் 19

இன்று நான் செய்தது சரியில்லை. தைத்தது யார் என்று ஒரு கோடு சேர்த்தேன். அதுவரை வந்த பதினான்கில் ஒன்பது, கடையில் வேலை செய்யும் தம்பி தைத்தவை. கடையில் எல்லோர் முன்னாலும், "தையல் விளிம்பு எவ்வளவு விடுறே நீ?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசாமல் மிஷினைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

டிசம்பர் 20

தம்பி வரவில்லை. டீச்சரும் வரவில்லை.

டிசம்பர் 21

ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நவம்பர் பில் புத்தகத்தை முழுக்க எண்ணினேன். மொத்தம் 190 பிளவுஸ். அதில் தம்பி தைத்தது 118. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் அவன் கையில்தான் போகிறது. அப்படியானால் திரும்பி வருவதிலும் பாதிக்கு மேல் அவனுடையதாகத்தானே இருக்கும்! எத்தனை திரும்பி வந்தது என்று மட்டும் பார்த்தேன், எத்தனை தைத்தான் என்று பார்க்கவில்லை. நிறைய வேலை செய்கிறவன் பெயர்தான் நோட்டில் நிறைய வரும்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். "பரவால்லக்கா" என்றான். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை.

டிசம்பர் 23

தம்பி வந்துவிட்டான்.

டிசம்பர் 27

இதுவரை பதினேழு. இதுநாள்வரை திரும்பி வந்த தேதியை வைத்தே பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் வந்தால் டிசம்பரில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பு. இன்று ஒவ்வொரு பில்லுக்கும் வெட்டிய தேதியை எடுத்து எழுதினேன். பதினேழில் பதினான்கு நவம்பர் 17க்கும் 30க்கும் நடுவில் வெட்டியவை. அந்த இரண்டு வாரத்தில் வெட்டியது மொத்தமே 74தான். அதற்கு முந்தைய பதினாறு நாளில் 116 வெட்டியிருக்கிறோம், அதில் இரண்டுதான் திரும்பியிருக்கிறது. இன்னொன்று அக்டோபர் கணக்கு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 74இல் பட்டுப் புடவை பிளவுஸ் இருபதுக்கு மேல் இருக்கும். வெட்டியது அதே மாஸ்டர், அதே நாட்கள், அதே லைனிங். ஒன்றுகூடத் திரும்பவில்லை. சபாவுக்குக் கட்டிப் போகிறவர்கள் குறை இருந்தால் சும்மா இருப்பார்களா?

பட்டை யாரும் வீட்டில் தண்ணீரில் போடுவதில்லை. டிரை வாஷ்தான்.

"முதல்ல கட்டினப்போ நல்லாதான் இருந்துச்சு."

டிசம்பர் 28

லைனிங்கை நனைத்துச் சுருங்க விட்டுத்தான் வெட்டினாரா என்று காலையில் மாஸ்டரிடம் கேட்டேன். சத்தம் போடாமல் கேட்டேன். "மழைம்மா. லைனிங்கை நனைச்சுப் போட்டா மூணு நாளானாலும் காயல. மொட்டை மாடிக் கொடியில போடவும் முடியல. டெலிவரி தேதி நெருங்குச்சு, அப்படியே வெட்டிட்டேன்" என்றார். மறைக்கவில்லை. யாரும் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

கோடவுன் தெருவில் வாங்கிய அதே காட்டன் லைனிங் தானில் ஐம்பது சென்டிமீட்டருக்கு ஐம்பது சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் பேனாவால் அம்புக்குறி போட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 29

காய்ந்ததும் அயர்ன் பண்ணி அளந்தேன். அகலம் 49.5. நீளம் 48.

நூற்றுக்கு நான்கு. பதினான்கரை இஞ்ச் உயரமுள்ள பிளவுஸில் அரை இஞ்சுக்கு மேல் போய்விடும். மேல் துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால், மேல் துணி உப்பத்தானே செய்யும். கைக்குழியின் ஆழமும் குறையும், அதுதான் அக்குளில் பிடிக்கிறது. நாம் பக்கத்தைப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். சுருங்கியது உயரத்தில். டிசம்பர் 16இல் வந்தவரின் வரி அடியில் சிவப்பு மசியில் கோடு போட்டேன்.

ஜனவரி 2

மாஸ்டர் நனைக்கவில்லை என்று எழுதி நோட்டை மூடிவிடலாம். அது காரணம் ஆகாது. ஏன் நனைக்கவில்லை? காயாது. காயாதபோது ஏன் வெட்டினார்? பில்லில் நாலு நாள் என்று எழுதியிருந்தது. யார் எழுதியது? நான். மழை என்று தெரிந்தும் நாலு நாள் என்றே எழுதினேன். வெட்டுகிற அன்று நனைப்பது என்ற பழக்கம் இருக்கிறவரை அடுத்த கார்த்திகையிலும் இதேதான் நடக்கும்.

ஜனவரி 5

நல்ல வெயில். நான்கு லைனிங் தான்களையும் நிறவாரியாக ஊறவைத்து மாடியில் போட்டாயிற்று. சிவப்பும் மெரூனும் தனி வாளியில், சாயம் விடும். காய்ந்ததை அயர்ன் பண்ணி, ஓரத்தில் மஞ்சள் நூலால் இரண்டு தையல் போட்டு, கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம். மஞ்சள் நூல் இல்லாத துணி வெட்டும் மேஜைக்கு வரக் கூடாது. நனைக்காத தான்கள் எல்லாம் பரண் மேல். கீழே இருந்தால் அவசரத்தில் கை போகும். மாஸ்டரே ஏணி போட்டு ஏற்றிவைத்தார்.

ஜனவரி 6

இன்றும் ஒன்று வந்தது. வெட்டிய தேதி நவம்பர் 24. நெஞ்சு படபடத்தது, தேதியைப் பார்த்ததும் அடங்கியது. பழைய கணக்கு இன்னும் கொஞ்ச நாள் வரும். இப்போது வெட்டுவது சரியா என்று தெரிய அது துணி வெளுத்து வர வேண்டும், பிப்ரவரி ஆகிவிடும்.

ஜனவரி 8

74இல் பட்டு போக மீதி ஐம்பது சொச்சம். வந்தது பதினைந்து. மற்றவர்கள்? சிலர் இன்னும் துவைத்திருக்க மாட்டார்கள். சிலர் துவைத்து, போட்டுப் பார்த்து, பீரோவில் அடியில் தள்ளிவிட்டு வேறு கடைக்குப் போயிருப்பார்கள். வராதவர்கள் நோட்டில் இல்லை.

டீச்சருடைய பில்லை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் காட்டன் பிளவுஸ் நான்கு. வெட்டிய தேதி நவம்பர் 19. பதினோரு வருஷமாக வருகிறவர்.

ஜனவரி 10

லைனிங்கை மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறேன். ஒரு பிளவுஸுக்கு ஒன்றரை மணி நேர வேலை. பொங்கல் துணி குவிந்து கிடக்கிறது. தம்பி ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து செய்கிறேன் என்கிறான். இன்று பதினொரு பேர். ஆறு பேர் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஒருவர், "நான்தான் குண்டாயிட்டேன்னு நினைச்சு ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன்மா" என்றார்.

டீச்சர் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 11

இரண்டு முறை அடித்தேன். மணி போகிறது.

ஜனவரி 12

கடைக்குப் போகும் வழியில் அவர் தெருவில் இறங்கிவிட்டேன். நான்கு பிளவுஸுக்கும் நனைத்த லைனிங் வெட்டிப் பையில் இருக்கிறது. கேட் திறந்துதான் இருந்தது.