"யோவ் வாத்தி" என்று ஒரு கமென்ட்

பணி ஓய்வுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக் கணக்குக்காக யூடியூபில் சேனல் ஆரம்பித்தேன். மொபைல் கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன்தான் ஸ்டாண்டும் காலர் மைக்கும் வாங்கிக் கொடுத்தான். லைட் நேராகப் பட்டால் போர்டு பளபளத்து எழுத்து தெரியாது, பக்கவாட்டில் வையுங்கள் சார் என்றும் சொல்லிக் கொடுத்தான். முதல் சில வீடியோக்களுக்கு வந்த கமென்டெல்லாம் "வணக்கம் சார், நான் உங்க ஸ்டூடன்ட்" ரகம். வெளியாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பிறகு வர்க்கமூலம் பற்றி ஒரு வீடியோ போட்டேன். அதற்கு வந்தது இது: "யோவ் வாத்தி, √9 = ±3. இதுகூட தெரியாமதான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினியா?"

வீடியோவில் √9 = 3 என்று எழுதியிருந்தேன். அது சரிதான். ஆனாலும் "வாங்கினியா" என்ற சொல் நெஞ்சில் தைத்தது. வகுப்பில் எவனாவது இப்படிப் பேசியிருந்தால் ஒரு பார்வை போதும். இங்கே யாரைப் பார்ப்பது? மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எவனோ சின்னப் பையன், விடுங்க" என்றாள். மகன் போனில், "ஹைடு பண்ணிருங்கப்பா, அவனுக்கே தெரியாது" என்றான். உண்மைதான். சேனலிலிருந்து ஒருவரை மறைத்தால் அவருக்குத் தகவல் போகாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கண்ணில் படாது.

அழித்துவிடலாம் என்று கை போனபோதுதான் அதற்குக் கீழே ஒரு பதில் இருப்பதைக் கவனித்தேன். ஒரு பெண் பிள்ளை எழுதியிருந்தாள்: "எனக்கும் இதே டவுட் சார். ±3 போட்டுதான் பழக்கம்." கமென்டை அழித்தால் அதன் கீழுள்ள பதில்களும் சேர்ந்தே போய்விடும். திட்டியவனை விரட்டப் போய், சந்தேகம் கேட்ட பிள்ளையையும் வெளியே அனுப்புவதா? தவிர, அந்தப் பையனின் குழப்பம் அவனுக்கு மட்டும் உரியதல்ல. வருஷா வருஷம் விடைத்தாளில் நான் பார்த்த குழப்பம்தான் அது.

சூட்டோடு சூடாகப் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை காப்பிக்குப் பிறகு உட்கார்ந்தேன். அவனுடைய முதல் வாக்கியத்துக்கு மட்டும் பதில், இரண்டாவதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"x² = 9 என்றால் x = 3 அல்லது x = -3. இரண்டு விடை, நீங்கள் நினைப்பது இதைத்தான். ஆனால் √9 என்ற குறி, இரண்டில் குறை எண் அல்லாததை மட்டும் குறிக்கும். அதாவது 3. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பாருங்கள்: மேலே -b ± √(b² - 4ac). √ என்பதே ± மதிப்பைத் தரும் என்றால், அதற்கு முன்னால் தனியாக ± எதற்கு? கால்குலேட்டரில் 9-க்கு √ அழுத்தினாலும் 3 மட்டும்தான் வரும்."

"தம்பி" என்று ஆரம்பித்திருந்தேன், அனுப்புமுன் எடுத்துவிட்டேன். இந்த மாதிரி இடத்தில் தம்பி என்றால் அதுவே குத்தலாகப் படும். யூடியூபில் பதிலைத் தனியாகப் பின் பண்ண வழி தெரியவில்லை. அதனால் அவனுடைய கமென்டையே பின் பண்ணினேன். "யோவ் வாத்தி" முதலில் தெரியும், என் விளக்கம் அதன் கீழே இருக்கும். மகனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏற்றிவிட்ட வீடியோவை அதே இடத்தில் வேறொன்றால் மாற்ற முடியாது. ஓரத்தை வெட்டலாம், புதிதாகச் சொருக முடியாது. ஆகவே விளக்கப் பகுதியில் x² = 9-க்கும் √9-க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு வரியில் சேர்த்தேன்.

அப்படியே தடைச்சொல் பட்டியலையும் நிரப்பினேன். அதில் உள்ள சொல் வந்தால் கமென்ட் வெளியே தெரியாமல் என் பார்வைக்காகக் காத்திருக்கும். சாதி, தாய், தங்கையை இழுக்கும் வசவுகளைப் போட்டேன். ஒரே வசவைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பல எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். அத்தனையையும் நானே டைப் செய்ய வேண்டியிருந்ததுதான் பெரிய கொடுமை. "வாத்தி"யைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் மாணவர்களில் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

அந்தப் பையன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சில நாள் கழித்து அதே இடத்தில் எழுதினான்: "சரி, அப்ப √((-3)²) எவ்வளவு, சொல்லு பாப்போம்."

நல்ல கேள்வி. முதலில் உள்ளே வர்க்கம்: (-3)² = 9. பிறகு √9 = 3. எனவே √(x²) என்பது x ஆகவே இருக்க வேண்டியதில்லை, அது |x| ஆகும். பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலத்துக்கு விடை எழுதும்போது இருபுறமும் அந்தக் கோடுகளைப் போடுவது இதனால்தான். அடுத்த வீடியோவுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.