கடிதத்தில் இல்லாத எழுபது

கடிதம் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. அதில் எழுதியவை எதுவும் இப்போது உறுத்தவில்லை. எழுதாமல் விட்ட ஒரு எண்தான் உறுத்துகிறது: 70.

குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் எங்கள் வகுப்புகளைப் பற்றிய ஸ்லைடுத் தொகுப்பு, அதாவது டெக், ஒன்று இருந்தது. அதன் ஆறாவது ஸ்லைடில் அந்த எண் கொட்டை எழுத்தில் இருந்தது. "வாசிக்கத் தெரிந்த குழந்தைகள்: 22 சதவீதத்திலிருந்து 70 சதவீதம்." நடுவில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. டெக்கை வைத்துக்கொண்டு நன்கொடையாளர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்லைடை வாக்கியமாக்கினால் போயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்லைடில் எழுவாய் இல்லாமலே காலம் தள்ளிவிடலாம், வாக்கியத்தில் முடியாது. "70 சதவீதம்" என்று எழுதியதும் "யாரில்?" என்று அடுத்த சொல் கேட்கும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கணக்கு எளிதாக விளங்கட்டும் என்று எண்களை இங்கே மாற்றி, முழுமையாக்கித் தருகிறேன். வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் 1,200 பேர். பேஸ்லைன், அதாவது தொடக்கத் தேர்வு, எல்லோருக்கும் நடந்தது. ஒரு சிறு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தவர்கள் 264 பேர், 22 சதவீதம். ஆண்டு முடிவில் எண்ட்லைன் தேர்வுக்கு வந்தவர்கள் 840 பேர். அவர்களில் வாசித்தவர்கள் 588. அது 70 சதவீதம். வகுத்தலில் பிழையே கிடையாது. ஆனால் 22 என்பது 1,200 பேரில், 70 என்பது 840 பேரில். அம்புக்குறியின் அடியில் ஒரு கூட்டம் நிற்கிறது, நுனியில் வேறொரு கூட்டம்.

வராத 360 பேர் யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைச் சோதிக்கப் பெரிய புள்ளியியல் ஒன்றும் வேண்டாம். எண்ட்லைன் கட்டம் காலியாக உள்ள பெயர்களை மட்டும் வடிகட்டி, அவர்களுடைய பேஸ்லைனைப் பார்த்தால் போதும். இங்கே தேர்வுக்கு வந்த 840 பேரில் தொடக்கத்திலேயே வாசித்தவர்கள் 210 பேர், 25 சதவீதம். வராத 360 பேரில் 54 பேர், 15 சதவீதம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குழந்தைகள் விட்டுப்போயிருந்தார்கள் என்றால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். பத்துப் புள்ளி இடைவெளி இருக்கிறது என்றால், பின்தங்கிய குழந்தைகளே அதிகம் விலகியிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் எந்தச் சராசரியும் கூடுதலாகத்தான் வரும்.

360 பேரையும் தேடிப்பிடிக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. எளிதில் கிடைக்கிறவர்களை மட்டும் சோதித்துச் சேர்த்தால் பழைய கோளாறு பின்வாசல் வழியாக வந்துவிடும். அதனால் 360 பேரில் 60 பேரைக் குலுக்கலில் எடுத்து, அவர்களை மட்டும் விடாமல் தேடுவது என்று முடிவானது. பழைய வீடு, மாறிப்போன பள்ளி, அக்கம்பக்கத்தார் தந்த போன் எண் என்று ஒவ்வொரு பெயருக்கும் மூன்று முறையாவது முயற்சி. இதில் களப்பணியாளர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு. பட்டியலில் உள்ள குழந்தை கிடைக்கவில்லை என்றால் அடுத்த பெயரை எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை நிரம்பிவிடும், ஆனால் குலுக்கிய பயன் போய்விடும். கிடைப்பவர்களே மறுபடியும் பட்டியலை நிரப்புவார்கள். கிடைக்காதவரைக் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும்.

60 பேரில் 48 பேர் கிடைத்தார்கள். வாசித்தவர்கள் 19 பேர், ஏறக்குறைய 40 சதவீதம். அந்த விகிதத்தை 360 பேருக்கும் வைத்தால் 144. ஏற்கெனவே உள்ள 588ஐச் சேர்த்தால் 732. அதை 1,200ஆல் வகுத்தால் 61 சதவீதம். 48 பேரை வைத்துச் சொல்வதால் முன்னே பின்னே ஆகும்: 57க்கும் 65க்கும் நடுவில் எங்காவது இருக்கலாம் என்பதுதான் சரியான கூற்று. கிடைக்காத 12 பேரும் கிடைத்த 48 பேரைப் போன்றவர்களே என்ற ஊகமும் அதற்குள் இருக்கிறது. 70 அந்த எல்லைக்கு வெளியே.

செலவுக் கணக்கும் இதே கதைதான். ஒன்பதாவது ஸ்லைடில் "ஒரு குழந்தைக்கான செலவு" என்பது மொத்தச் செலவை 1,200ஆல் வகுத்தது. செலவுக்கு 1,200, பலனுக்கு 840. யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. ஒரு ஸ்லைடு கணக்குப் பிரிவிலிருந்து வந்தது, இன்னொன்று தேர்வு ஃபைலிலிருந்து வந்தது. ஆனாலும் இரண்டு தற்செயலும் நமக்குச் சாதகமான பக்கமே சாய்ந்திருந்தன. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் யாராவது அன்றைக்கே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கள் 732 கழித்தல் 264, அதாவது 468 பேர். ஆளுக்கு என்ன செலவு என்று இந்த எண்ணால் வகுத்துக் கேட்டால், ஸ்லைடில் உள்ளதைப் போல இரண்டரை மடங்கு வரும். அந்த 468 பேரும் வகுப்பால்தான் வாசிக்கக் கற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. ஓராண்டு பள்ளிக்குப் போனால் சிலர் தானாகவே கற்பார்கள். எத்தனை பேர் என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்கும் குழு நம்மிடம் இல்லை. ஆகவே கடிதத்தில் "எங்கள் திட்டத்தால்" என்ற சொல்லே வராமல் "இந்த ஆண்டில்" என்று எழுதப்பட்டது. இதுவரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சந்தேகம் எல்லாம் நிதி திரட்டும் பிரிவின் மேடத்தோடு நடந்த அந்தப் பேச்சில்தான். வரைவைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை.

"61 போடுங்க, வேணாங்கல. ஆனா 70யும் போடுங்க."

"ரெண்டையும் போட்டா படிக்கிறவங்க 70ஐத்தான் பிடிச்சுக்குவாங்க, மேடம்."

"பிடிச்சுக்கட்டுமே. போன வருஷம் 68னு எழுதி அனுப்பிச்சிருக்கோம். அது பக்கத்துல இப்ப எதை வைக்கப் போறீங்க?"

"போன வருஷம் கணக்கு போட்ட முறை வேறன்னு ஒரு வரி எழுதிடலாம்."

"அந்த ஒரு வரியை யாரு படிப்பாங்க?"

அந்த வரி இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்குப் போனது. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "சேர்ந்த 1,200 குழந்தைகளில் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 61 சதவீதம் பேர் ஒரு பத்தியை வாசிக்கிறார்கள். தொடக்கத்தில் இது 22 சதவீதம். தேர்வுக்கு வராத 360 பேரில் சிலரைத் தேடிப் போய்ச் சோதித்ததையும் சேர்த்த மதிப்பீடு இது. உண்மை 57க்கும் 65க்கும் இடையில் இருக்கலாம்." வாக்கியங்களில் இன்றும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் வந்த பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: 68 ஆக இருந்தது எப்படி 61 ஆயிற்று? ஒரு அறக்கட்டளை அடுத்த தவணையை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டது. யாருமே கடைசிப் பத்தியைப் படித்ததாகத் தெரியவில்லை. மேடம் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

70ஐ விட்டதற்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. முந்தைய ஆண்டில் தேர்வுக்கு வராதவர்கள் நூற்றுக்கு 20 பேர். கடிதம் பேசிய ஆண்டில் 30 பேர். ஆகவே பழைய முறையிலேயே 68ஐயும் 70ஐயும் பக்கத்தில் வைத்தாலும் அது நேர்மையான ஒப்பீடு ஆகாது. பலவீனமானவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் விலகினாலே, வகுப்பில் எதுவும் மாறாமல், சதவீதம் உயர்ந்துவிடும். இரண்டு புள்ளி முன்னேற்றம் என்று நன்கொடையாளர் மகிழ்வது குழந்தைகள் வராமல் போனதற்காக இருக்கக்கூடும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது சரிதானே?

சரிதான். ஆனால் 61ஐத் தனியாக வைத்ததும் வேறொரு பொய்யான ஒப்பீட்டுக்கு இடம் கொடுத்துவிட்டது. படிப்பவர் கையில் பழைய கடிதம் இருக்கிறது. நாம் ஒப்பிட வேண்டாம் என்றாலும் அவர் ஒப்பிடுவார். முந்தைய ஆண்டை 61 வந்த முறையில் மறுபடி கணக்கிட்டுத் தந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த ஆண்டு வராதவர்களை யாரும் தேடவில்லை. விடுபட்டவர்களில் ஒருவர்கூட வாசிக்கவில்லை என்று வைத்தால் 54 சதவீதம், எல்லோரும் வாசித்தார்கள் என்று வைத்தால் 74. இந்தச் சந்துக்குள் 61 வசதியாக உட்கார்ந்துகொள்ளும். கூடிற்றா குறைந்ததா என்பது தெரியாது என்பதே உண்மை. முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்: "சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று எங்களால் சொல்ல முடியாது." அதை எழுதக் கை வரவில்லை. 61 என்று எழுதும்போது கண்டிப்பானவர்கள் என்ற பெயராவது மிஞ்சும். தெரியாது என்று எழுதினால் அதுவும் இல்லை.

கெட்ட செய்தியை நேராகச் சொன்ன அமைப்புகள் இல்லாமல் இல்லை. எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு வட வங்கதேசத்தில், அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் வேலை தேடி வெளியூர் போக ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு கடன் கொடுத்தது. தொடக்க ஆய்வுகள் நன்றாக இருந்தன. 2017இல் பெரிய அளவில் நடந்த சோதனையில் கடன் கொடுத்தும் வெளியூர் போகிறவர்கள் கூடவில்லை என்று தெரிந்தது. அதை வெளியிட்டு, திட்டத்துக்குப் புதிய நிதி கேட்பதை நிறுத்தி, 2019இல் திட்டத்தையே மூடினார்கள். அவர்களைக் காட்டித்தான் அன்று மேடத்திடம் வாதாடினேன். இப்போது யோசித்தால் அந்த உதாரணம் பொருந்தவில்லை. அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கக் குழு இருந்தது. அவர்கள் சொன்னது ஒரு கண்டுபிடிப்பு. நாங்கள் சொன்னது அளவுகோலை மாற்றிய சேதி, அதையும் கடைசிப் பத்தியில்.

மேடம் கேட்டது நன்கொடை குறையக் கூடாது என்பதற்காகத்தான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அவர் கேட்டபடி இரண்டு எண்ணும் இருந்திருந்தால் படிப்பவருக்கு முறை மாறியது உடனே புரிந்திருக்கும். நோக்கம் வேறாக இருந்தும் அவர் சொன்னது படிப்பவருக்கு உதவியிருக்கும். என் நோக்கம் நேர்மை. படிப்பவர் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று நானே முடிவு செய்து, சரியாக வகுத்து வந்த ஒரு எண்ணை அவரிடமிருந்து மறைத்தேன். அதைச் செய்துவிட்டு அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

இந்த ஆண்டுக் கடிதத்தின் வரைவில் முதல் பக்கத்திலேயே மூன்று வரி அட்டவணை இருக்கிறது. தேர்வுக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம். சேர்ந்த எல்லோரிலும் எத்தனை. வராதவர்கள் எத்தனை பேர். மூன்றும் மூன்று ஆண்டுகளுக்கு. முதல் ஆண்டின் நடுக்கட்டத்தில் எண் கிடையாது, "54 முதல் 74 வரை" என்று இருக்கிறது. வடிவமைப்பாளர் அந்தக் கட்டம் அசிங்கமாக இருக்கிறது, ஒரு கோடு மட்டும் போட்டுவிடலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.